சைஸ், நிறம் என்று ஆயிரக்கணக்கில் ஐட்டம் பெருகாமல் இருக்க என்ன வழி?

கேள்வி: "நாங்கள் சட்டை தைக்கிறோம். 30 ஸ்டைல், ஒவ்வொன்றிலும் 8 நிறம், 6 சைஸ். ஒவ்வொன்றையும் தனி ஐட்டமாகப் போட்டால் 1,440 வருகிறது. அடுத்த சீசனில் இன்னும் அவ்வளவு சேரும். ஓடூ மென்பொருளில் இதைச் சுருக்கமாக வைக்க முடியுமா? சைஸைக் குறிப்பில் மட்டும் எழுதிக்கொண்டால் போதாதா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். போதாது. நான் வேலை பார்த்த ஒரு தையல் நிறுவனத்தில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஒரு ஸ்டைலுக்கு ஒரே ஐட்டம். சைஸ், நிறம் எல்லாம் ஆர்டரின் குறிப்பில் இருக்கும். ஒருநாள் 300 சட்டைக்கு ஆர்டர் வந்தது. கணினியில் இருப்பு 340 என்று காட்டியதால் உடனே அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள். கிடங்கில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் எஸ், மீதியில் பெரும்பகுதி டபுள் எக்ஸ்எல். கேட்ட எம், எல் இரண்டும் சேர்த்து 40 கூட இல்லை. சைஸ் தெரியாத இருப்பு எண்ணை வைத்துக்கொண்டு ஆயத்த ஆடையில் எதையும் முடிவு செய்ய முடியாது. பார்கோடு வைத்து விற்பதானாலும் இதே கதைதான்: பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதிப்படி ஒவ்வொரு சைஸ், நிறச் சேர்க்கைக்கும் தனி எண் வேண்டும்.

ஆகவே 1,440 என்ற எண்ணிக்கையே மறைந்துவிடாது. ஆனால் நீங்கள் கையால் பராமரிப்பது 30 அட்டை மட்டும் என்று ஆக்கலாம். ஓடூவில் ஒரு ஸ்டைலுக்கு ஒரு ப்ராடக்ட் அட்டை. பெயர், வகை, வரி, விற்பனை விலை, படம், தயாரிப்புக்கான பொருள் பட்டியல் எல்லாம் அந்த அட்டையோடு சேர்ந்தவை. சைஸும் நிறமும் அதன் மேல் ஏறும் பண்புகள். திரையில் Attributes என்று இருக்கும். சேர்க்கைகளை மென்பொருளே வேரியண்டுகளாக உண்டாக்கிக்கொள்ளும். வேரியண்டுக்கென்று தனியாக நிற்பவை பார்கோடு, உள் குறியீட்டு எண், அடக்க விலை, எடை, இருப்பு ஆகியவைதான். எக்ஸ்எல்லுக்கு மேல் விலை கூடுதல் என்றால் அதைக்கூட வேரியண்ட் வேரியண்டாகப் போட வேண்டியதில்லை. அந்த ஸ்டைலில் அந்த சைஸுக்கு நேரே கூடுதல் விலையை ஒரு முறை எழுதினால் எல்லா நிறத்துக்கும் பொருந்திவிடும்.

இனி, எதை வேரியண்ட் ஆக்குவது, எதை ஆக்கக் கூடாது என்பதில்தான் எண்ணிக்கை கட்டுக்குள் நிற்பதும் வெடிப்பதும் இருக்கிறது. நான் வைத்துக்கொள்ளும் கேள்விகள் இரண்டே இரண்டு. கிடங்கில் அது தனி அடுக்காக இருக்குமா? ஒரே பேட்டர்னில் வெட்டுவதா? இரண்டுக்கும் ஆம் என்றால் வேரியண்ட். நீலச் சட்டை எம், நீலச் சட்டை எல் இரண்டும் தனித்தனி அடுக்கு. ஒரே பேட்டர்னின் சைஸ் வேறுபாடு. சரி, வேரியண்ட்தான். முழுக்கை, அரைக்கை? அடுக்கு தனி, ஆனால் கை, கஃப், துணி அளவு, தையல் நேரம் எல்லாமே வேறு. அதை மூன்றாவது பண்பாகச் சேர்த்தால் எண்ணிக்கை ஒரே அடியில் இரட்டிப்பாகும், பொருள் பட்டியலும் சிக்கலாகும். முழுக்கை ஒரு ஸ்டைல், அரைக்கை ஒரு ஸ்டைல் என்று இரண்டு அட்டையாக வைத்துவிடுங்கள்.

வாங்குபவர் கேட்டால் சட்டைப் பையில் பெயர் எம்ப்ராய்டரி போட்டுத் தருகிறீர்களா? ஆர்டர் வந்த பிறகு செய்யும் வேலை அது, கிடங்கில் முன்கூட்டியே அடுக்கி வைப்பதில்லை. அதற்குப் பண்பை உண்டாக்கும்போது Variants Creation Mode என்ற இடத்தில் Never என்று வையுங்கள். ஆர்டரில் தேர்வாகத் தெரியும், வேரியண்ட் எதையும் பெருக்காது. துணி எந்த ஆலையிலிருந்து வந்தது, எந்தச் சாயத் தொகுதி என்பதும் பண்பு அல்ல. அது துணி ரோலின் லாட் எண். நேவி நிறத்திலேயே இரண்டு லாட்டுக்கு இடையே ஷேடு மாறும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைக் கட்டிங்கில் பிரித்து வைக்கத் துணிக்கு லாட் கண்காணிப்பை இயக்கினால் போதும். "நேவி 1", "நேவி 2" என்று நிறப் பட்டியலில் சேர்க்க ஆரம்பித்தால் ஒரே வருடத்தில் நிறப் பட்டியல் யாருக்கும் புரியாமல் போய்விடும்.

சைஸ், நிறம் இரண்டுக்கும் எந்த மோட் வைப்பது? Instantly என்றால் அட்டையில் மதிப்புகளைச் சேர்த்துச் சேமித்தவுடனே எல்லாச் சேர்க்கையும் உண்டாகிவிடும். Dynamically என்றால் விற்பனை ஆர்டரில் முதல்முறை கேட்கும்போதுதான் அந்த ஒன்று உண்டாகும். ஆர்டர் வந்த பிறகே தைப்பவர்களுக்கு இரண்டாவது நன்றாகப் பொருந்தும். நீங்கள் கிடங்குக்கு முன்கூட்டித் தைப்பவர் என்றால் எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது. விற்பனை ஆர்டருக்கு முன்பே தயாரிப்பு ஆர்டர் போட வேண்டும், அப்போது வேரியண்ட் கையில் இருக்க வேண்டும். Instantly என்றதும் பயப்பட வேண்டாம். பொதுப் பட்டியலில் 40 நிறம் இருந்தாலும் அந்த ஸ்டைலின் அட்டையில் நீங்கள் தேர்ந்தெடுத்த நிறங்களுக்கு மட்டுமே வேரியண்ட் உண்டாகும். 8 நிறமும் எல்லா ஸ்டைலிலும் உண்மையிலேயே தைக்கிறீர்களா என்று ஒரு முறை பாருங்கள். நான் பார்த்த இடங்களில் சாம்பிள் போட்டது 8, தைத்தது 4 அல்லது 5. தைக்க முடிவான பிறகு நிறத்தைச் சேர்த்தால் உங்கள் 1,440 பாதியாகக் கூட ஆகலாம். பார்கோடுக்கும் இது நல்லது. ஒரு முறை பயன்படுத்திய எண்ணை வேறு பொருளுக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்பதால், தைக்காத சேர்க்கைக்கெல்லாம் எண் ஒதுக்கி வீணாக்க வேண்டியதில்லை.

ஒரே அட்டையில் 1,000 வேரியண்டுக்கு மேல் போனால் ஓடூ தானாகவே நிறுத்திவிடும். அந்த வரம்பை உயர்த்த வழி இருக்கிறது. ஆனால் சட்டையில் அந்த எச்சரிக்கை வந்தால் வரம்பைத் தொடாதீர்கள், பண்புகளைத் திரும்பப் பாருங்கள். ஏதோ ஒன்று தேவையில்லாமல் உள்ளே வந்திருக்கும்.

அப்புறம், மதிப்புகளின் பெயர். இதில் ஒருவரை மட்டும் பொறுப்பாக்குங்கள். "2XL" ஒன்றும் "XXL" ஒன்றும் பட்டியலில் நுழைந்துவிட்டால் கிடங்கில் ஒரே அடுக்கில் இருக்கும் சட்டை கணினியில் இரண்டாகப் பிரிந்துவிடும். 38, 40, 42 என்று எண்ணில் போகும் சைஸ்களை எஸ், எம், எல்லோடு கலக்காமல் வேறொரு பண்பாக வையுங்கள். உள் குறியீட்டு எண்ணை ஓடூ தானாகப் போடாது. வேரியண்ட் பட்டியலை விரிதாளாக ஏற்றுமதி செய்து, ஸ்டைல், நிறம், சைஸ் மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்து, ஒரு சூத்திரத்தில் இணைத்துத் திரும்ப ஏற்றினால் வேலை முடிந்தது.

```
=A2&"-"&B2&"-"&C2      →  SH214-NVY-M
```

External ID நெடுவரிசையை அழிக்காமல் ஏற்றுங்கள். அது இல்லாவிட்டால் இருக்கும் வேரியண்டைத் திருத்துவதற்குப் பதில் புதிதாக உண்டாக்கப் பார்க்கும்.

இப்போது உண்மையில் நேரம் செலவழிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஐட்டம் பெருகுவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பொருள் பட்டியல், அதாவது பிஓஎம், அதே வேகத்தில் பெருகும் என்பது பிறகுதான் தெரிகிறது. ஒவ்வொரு வேரியண்டுக்கும் ஒரு பிஓஎம் எழுதினால் 1,440 பிஓஎம். பட்டனை மாற்றினால் ஸ்டைலுக்கு 48 இடத்தில் திருத்த வேண்டும். ஓடூவில் ஸ்டைல் அட்டைக்கு ஒரே பிஓஎம் எழுதி, ஒவ்வொரு வரியும் யாருக்குப் பொருந்தும் என்று சொல்லலாம். அந்த நெடுவரிசையின் பெயர் Apply on Variants. பெரும்பாலும் திரையில் மறைந்திருக்கும். வரிகளின் வலது மூலையில் உள்ள சின்னத்தை அழுத்தி அதை வெளியே கொண்டுவர வேண்டும்.

ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். SH214, மூன்று நிறம், நான்கு சைஸ், மொத்தம் 12 வேரியண்ட். துணி நிறத்தைப் பொறுத்தது. நூலும் அப்படியே. சைஸ் லேபிள் சைஸைப் பொறுத்தது. பட்டன், பிராண்ட் லேபிள், பை எல்லாவற்றுக்கும் பொது. பிஓஎம் இப்படி வரும்:

```
Fabric White    1.60 m   Color: White
Fabric Navy     1.60 m   Color: Navy
Fabric Olive    1.60 m   Color: Olive
Thread White    1        Color: White
Thread Navy     1        Color: Navy
Thread Olive    1        Color: Olive
Size Label S    1        Size: S
Size Label M    1        Size: M
Size Label L    1        Size: L
Size Label XL   1        Size: XL
Button          9        
Main Label      1        
Poly Bag        1        
```

நூலின் 1 என்பது ஒரு சட்டைக்கு ஆகும் நூல். நீங்கள் கோனில் கணக்கு வைத்தால் அதற்கேற்ற பின்னம் வரும். 12 வேரியண்டுக்கு 13 வரி, ஒரே பிஓஎம். ஒரு வரியில் ஒரே பண்பின் இரண்டு மதிப்பைப் போட்டால் இரண்டில் எது வந்தாலும் பொருந்தும். நிறம் ஒன்று, சைஸ் ஒன்று என்று போட்டால் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பொருந்தும். காலியாக விட்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இந்தக் கடைசி விதியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வெள்ளைத் துணி வரியில் நிறத்தைக் குறிக்க மறந்தால் நேவி சட்டைக்கும் வெள்ளைத் துணி சேர்ந்து கேட்கும்.

"1.60 மீட்டர் எல்லா சைஸுக்கும் எப்படிச் சரியாகும்?" என்று நீங்கள் கேட்பீர்கள். மார்க்கரிலிருந்து வந்த சராசரி அது. எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்று ஆறு சட்டையை ஒரே மார்க்கரில் போட்டு, அதன் நீளம் 9.60 மீட்டர் வந்தால் சட்டைக்கு 1.60. சைஸ் வாரியாகப் பிரித்தால் எஸ் 1.50, எம் 1.56, எல் 1.62, எக்ஸ்எல் 1.74 என்று வைத்துக்கொள்வோம். அதே ரேஷியோவில் வெட்டும்வரை சராசரியும் பிரித்துப் போடுவதும் ஒரே மொத்தத்தைத்தான் தரும். நிறத்துக்கு ஒரு துணி வரி போதும்.

ரேஷியோ மாறும்போது கதை வேறு. 500 எக்ஸ்எல் மட்டும் கேட்டு ஒரு ஆர்டர் வந்தால் சராசரியில் 800 மீட்டர் துணி கேட்கும். வேண்டியது 870. கட்டிங் மேசையில் 70 மீட்டர் குறையும், அதே ஷேடில் மறுபடி துணி கிடைக்குமா என்பது வேறு. அதற்காக நிறம், சைஸ் இரண்டையும் பெருக்கி வரி எழுதினால், உங்கள் 8 நிறம், 6 சைஸ் ஸ்டைலில் துணிக்கு மட்டும் 48 வரி வரும். அதில் ஒன்றில் தவறு நடந்தால் கண்டுபிடிப்பது கடினம். நடுவழி ஒன்று இருக்கிறது. சைஸை இரண்டு குழுவாக்குங்கள். நம் சட்டையில் எஸ், எம் சேர்ந்து 1.54, எல், எக்ஸ்எல் சேர்ந்து 1.66 வரும். நிறத்துக்கு இரண்டு வரி. 500 எக்ஸ்எல்லுக்கு 830 மீட்டர் கேட்கும், குறைவு 70-லிருந்து 40 ஆகும். ஒரே சைஸில் ஆர்டர் அடிக்கடி வருபவர்கள் பெரிய சைஸை மட்டும் தனி வரியாக்கிவிடலாம். சைஸ் கலந்தே வெட்டுபவர்களுக்குச் சராசரியே போதும் என்பது என் கருத்து. மார்க்கர் மாறினால் அந்த எண்ணைத் திருத்த ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அமைப்பில் நடக்கும் தவறுகளில் மோசமானது சத்தமில்லாமல் நடப்பது. சீசன் நடுவில் ஒருவர் SH214-இல் மெரூன் நிறத்தைச் சேர்க்கிறார். நான்கு வேரியண்ட் உடனே உண்டாகிவிடும். பிஓஎம் ஏற்கெனவே அட்டையில் இருப்பதால் யாரும் அதைத் திறப்பதில்லை. ஆனால் மெரூன் துணிக்கு அதில் வரி இல்லை. தயாரிப்பு ஆர்டர் போட்டால் பட்டன், லேபிள், பை மட்டும் கேட்கும். துணியும் நூலும் கேட்காது, பிழையும் காட்டாது. எனக்கு இது நடந்தது. துணி வாங்கும் பட்டியலில் மெரூன் வராததால் கட்டிங் நாளில்தான் தெரிந்தது, தையல் லைன் இரண்டு நாள் சும்மா நின்றது. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புதிய நிறம் சேர்த்தவுடன் பிஓஎம்மில் BoM Overview திறந்து, அந்த நிறத்தின் ஒரு சைஸைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பேன். ஒரு துணி, ஒரு நூல், ஒரு சைஸ் லேபிள் இருக்க வேண்டும். துணி இரண்டு வந்தால் ஏதோ ஒரு வரி காலியாக இருக்கிறது. துணியே வராவிட்டால் வரி விட்டுப்போயிருக்கிறது. அங்கே காட்டும் செலவைப் பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டாலும் தெரிந்துவிடும். துணி இல்லாத சட்டையின் செலவு பளிச்சென்று குறைவாக நிற்கும்.

கட்டிங்கில் ஒரு இடைவெளி இருக்கிறது, முன்பே சொல்லிவிடுகிறேன். ஓடூவில் தயாரிப்பு ஆர்டர் வேரியண்டுக்கு ஒன்று. உங்கள் மேசையில் ஒரே லேயில் நான்கு சைஸும் சேர்ந்து வெட்டப்படும். ஆகவே ஒரு நிறத்தின் ஒரு லேக்கு நான்கு ஆர்டர் வரும். நான்கிலும் Source என்ற இடத்தில் ஒரே லே எண்ணை எழுதுங்கள். வெட்டி முடித்த பிறகு அந்த எண்ணால் தேடி, மேசையில் உண்மையில் போன துணியைப் பதிவு செய்யலாம். துணியைச் சைஸ் வாரியாகத் துல்லியமாகப் பிரிக்க முயல வேண்டாம். அப்படி ஒரு அளவு மேசையில் யாரிடமும் இருக்காது. நான்கின் மொத்தம் சரியாக இருந்தால் துணிக் கணக்கு சரியாக இருக்கும்.

ஆர்டர் எழுதுபவர்களுக்கு 48 வரி தட்டுவது கொடுமை. விற்பனை அமைப்புகளில் Variant Grid Entry-யை இயக்கி, ஸ்டைல் அட்டையில் Order Grid Entry என்று தேர்ந்தெடுங்கள். ஸ்டைலைச் சேர்த்தவுடன் கட்டம் திறக்கும், அதில் எண்களை நிரப்பினால் போதும். பண்புகளில் சைஸை முதலாவதாக வைத்தால் சைஸ் மேலே வரிசையாகவும் நிறம் பக்கவாட்டிலும் வரும். ஆர்டர் தாளில் நீங்கள் எழுதும் அதே வடிவம்.

கடைசியாக, தொடங்கிய பிறகு பண்புகளைத் தொடுவது பற்றி. இருக்கும் ஸ்டைலில் புதிய நிறத்தைச் சேர்ப்பதில் ஆபத்து இல்லை; மேலே சொன்ன பிஓஎம் வரி மட்டும். ஆனால் புதிதாக ஒரு பண்பையே சேர்த்து, உதாரணமாக ஃபிட் என்று வைத்து, அதில் ஸ்லிம், ரெகுலர் என்று இரண்டு மதிப்பை ஒரே நேரத்தில் கொடுத்தால் பழைய வேரியண்டுகள் எதுவும் புதிய சேர்க்கையோடு பொருந்தாது. பயன்படுத்தாதவை அழியும். இருப்போ ஆர்டரோ உள்ளவை பட்டியலில் தெரியாத காப்பகத்துக்குப் போகும், பார்கோடும் அவற்றோடு போய்விடும். புதியவை பூஜ்ய இருப்போடு தொடங்கும். ஓடூ எச்சரிக்கும், அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. தவிர்க்க முடியாவிட்டால் முதலில் ரெகுலர் என்ற ஒரே மதிப்போடு பண்பைச் சேர்த்துச் சேமியுங்கள். பழைய வேரியண்டுகள் அப்படியே ரெகுலர் ஆகிவிடும். பிறகு ஸ்லிம்மைச் சேருங்கள். முதல் முறை இதை ஒரு சோதனைத் தரவுத்தளத்தில் செய்து பாருங்கள்.

சீசன் முடிந்து ஒரு நிறத்தை எடுக்கும்போதும் கவனம் வேண்டும். அட்டையிலிருந்து நிறத்தை நீக்கினால் பயன்பட்ட வேரியண்டுகள் காப்பகத்துக்குப் போய்விடும், கிடங்கில் மிச்சமிருக்கும் ஏழெட்டுச் சட்டை பட்டியலில் கண்ணுக்குப் படாது. முதலில் அந்த நிறத்தின் இருப்பு எல்லாச் சைஸிலும் பூஜ்யமா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்றுத் தீர்த்த பிறகு நீக்குங்கள்.